ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன் காரைத் தூங்க விடுங்கள்

ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று ரிலே அடித்துக்கொண்டது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெங்களூர் அல்சூரில் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் இடம் கிடையாது. காவலாளி ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து கேபிள் போட்டு உதவினார். மூன்றாம் முறை, "சார், புது பேட்டரி வாங்கிவிடுங்கள்" என்றார். கிட்டத்தட்ட வாங்கியே இருப்பேன்.

அந்த அவசரம்தான் முதல் தவறு. பேட்டரி தானாக இறங்குகிறதா, கார் அதை உறிஞ்சுகிறதா என்பதைச் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் வோல்டேஜ் 12.5-க்கு அருகில் நின்றால் பேட்டரி மீது குற்றமில்லை. 12-க்குக் கீழே சரிந்திருந்தால் உள்ளே செல் போய்விட்டது. ஃபியூஸ் பெட்டியைத் திறப்பதே வீண். என் பேட்டரி 12.5-இல் நின்றது.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் பூட்டு ஆகியவை கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் செலவாகும். பேட்டரி பாதியாவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும். நல்ல பேட்டரி ஒரே இரவில் படுக்க வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் போய்க்கொண்டிருக்க வேண்டும். மறந்துவிட்ட டிக்கி விளக்கு ஒன்று எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே நான் தேடியது விளக்கைவிடப் பெரிய ஒன்றை. இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குபவர்கள் 30 மில்லி ஆம்பியர் எடுக்கும் அப்பாவி ரிலேயைப் பிடித்துக் குற்றவாளி என்கிறார்கள்.

இனி மீட்டர். எஸ்.பி. ரோடில் கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்து, நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டி, 'சைபர்தான் காட்டுகிறது' என்று நிம்மதியடைந்த நண்பர் ஒருவர் உண்டு. மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல வீட்டு மின்சாரத்தை மட்டுமே, அதாவது ஏசியை மட்டுமே அளக்கும். காரில் ஓடுவது டிசி. சாதாரண மல்டிமீட்டரே போதும். ஆனால் அதன் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். மில்லி ஆம்பியர் துளையில் செருகினால் மீட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபியூஸ் சத்தமில்லாமல் போய்விடும். பிறகு அந்தத் துளையில் என்ன அளந்தாலும் 0.00 என்றுதான் வரும். சுத்தமான சைபர் வந்தால் மகிழ வேண்டாம், மீட்டரைச் சந்தேகியுங்கள். இன்றைய கார் எதுவும் முழுச் சைபரில் நிற்காது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரும் போகும், கையும் சுடும்.

இணைக்கும் இடம் நெகட்டிவ் பக்கம். பாசிட்டிவ் பக்கம் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் தீப்பொறிதான். இணைக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிறகு மீட்டரை நடுவில் வைக்கிறார்கள். கேபிள் கழன்ற அந்த நொடியிலேயே காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் மின்சாரம் இழந்து, மீண்டும் கிடைத்ததும் புதிதாகக் கண்விழிக்கின்றன. இரவில் தூங்காமல் மாட்டிக்கொண்டிருந்த பெட்டி ஏதாவது இருந்தால், இந்த மறுதொடக்கத்தில் அது சரியாகிவிடவும் கூடும். நோயாளி மருத்துவரைப் பார்த்ததும் குணமாகும் கதைதான். ஆகவே முதலைக்கிளிப் உள்ள ஒயர்களை எடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலும், மற்றொன்றைக் கேபிளின் கிளாம்பிலும் முதலில் மாட்டுங்கள். அதன் பிறகு கிளாம்பை மெதுவாகத் தூக்குங்கள். மின்சாரம் ஒரு நொடியும் அறுபடாது.

இதற்குப் பிறகு வருவதுதான் நானும் செய்த பெரிய தவறு: காத்திருக்காமல் இருப்பது. மாட்டிய உடனே என் மீட்டர் 3.4 ஆம்பியர் காட்டியது. பதறிப்போய் ஃபியூஸைப் பிடுங்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் எண் கொஞ்சம் இறங்கியது. திரும்பச் செருகினால் முன்பைவிட ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு வலிக்கிறது என்பது மட்டுமே. கார் விழித்திருக்கும்போது எல்லாப் பெட்டிகளும் மின்சாரம் எடுக்கத்தான் செய்யும். பூட்டிய பிறகு அவை ஒவ்வொன்றாக அடங்க இருபது முப்பது நிமிடம் ஆகலாம். சில வண்டிகளில் இன்னும் கூடுதலாக. சாவியை வீட்டில் வைத்துவிட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால், சட்டைப் பையில் இருக்கும் சாவியே அதை எழுப்பிவிடும்.

டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியை எட்டக் கதவைத் திறக்க வேண்டுமே என்பீர்கள். திறந்தால் உள்விளக்கு எரியும், கார் விழிக்கும். அதனால் காரைப் பூட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்து, அதன் தாழ்ப்பாளை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி 'மூடியது' போல நகர்த்திவிடுங்கள். பல வண்டிகளில் கதவு மூடிவிட்டதாகக் கார் நம்பிவிடும். முடித்த பிறகு கைப்பிடியை இழுத்துத் தாழ்ப்பாளை விடுவிக்க மறக்காதீர்கள். மறந்து கதவை அறைந்தால் இரும்பும் இரும்பும் மோதும். பானெட்டிலும் அலாரம் சுவிட்ச் இருந்தால் அதற்கும் இதே வித்தை. ஃபியூஸ் பெட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பிடுங்குங்கள். செருகிய பிறகு எண் பழைய நிலைக்குத் திரும்பும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம்.

இரண்டாம் ஞாயிறு இப்படியே செய்தேன். 3.4-இல் தொடங்கிய எண் பத்து நிமிடத்தில் 2.3 ஆகி, அரை மணி நேரத்தில் 1.90-இல் நின்றது. அதற்குப் பிறகு நகரவில்லை. இரவு எட்டு முதல் காலை ஏழு வரை பதினோரு மணி நேரம்; 1.9 வீதம் ஏறத்தாழ 21 ஆம்பியர்-மணி. 35-இல் இவ்வளவு போனால், தினமும் நெரிசலில் குறுகிய தூரம் ஓடி முழுதாகச் சார்ஜ் ஏறாத பேட்டரி எழுந்திருக்காது. கணக்கு ஒத்துப்போனது.

முதலில் பேட்டரி அருகிலேயே தனி ஒயரில் இருந்த ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸைப் பிடுங்கினேன். 1.90 சடாரென 0.72 ஆனது. பிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோக மனம் தயாராகிவிட்டது. ஆனால் மீதி 0.72 இருக்கிறதே? அதுவே சரியான அளவைப்போலப் பல மடங்கு. ஃபியூஸைத் திரும்பச் செருகி, 1.90 வந்ததும் மற்றவற்றைத் தொடர்ந்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே 'ரூம்' என்று எழுதிய 15 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கியதும் 1.90 நேராக 0.03-க்கு இறங்கியது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸ் வழியாகப் போனது 1.18 ஆம்பியர். அப்படியானால் ரூம் ஃபியூஸைப் பிடுங்கினால் மிஞ்சிய 0.69 மட்டும்தானே குறைய வேண்டும்? ஆம்ப்ளிஃபயரின் மின்சாரம் அந்த ஃபியூஸ் வழியே வரவே இல்லை. இருந்தும் அதுவும் சேர்ந்து நின்றுவிட்டது. அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயரை எழுப்பி வைத்திருப்பவர் ரூம் ஃபியூஸின் பின்னால் இருக்கிறார். அந்த ஃபியூஸ் உள்விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பொதுவானது. பாட்டுப் பெட்டியின் பின்பக்க இணைப்பைக் கழற்றினேன். ஃபியூஸ் இருந்த இடத்தில் இருக்க, எண் 0.03. ஆம்ப்ளிஃபயரில் எந்தப் பழுதும் இல்லை. கட்டளை வந்தது, விழித்திருந்தது. ஃபியூஸ் நமக்குக் காட்டுவது தெருவைத்தான், வீட்டை அல்ல.

பெட்டியை வெளியே இழுத்துப் பார்த்தால் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு டேப் சுற்றப்பட்டிருந்தன. தனியாக வாங்கிப் பொருத்தும் பெட்டிகளில் வழக்கமாக மஞ்சள் எப்போதும் மின்சாரம் வரும் ஒயர், நினைவுக்காக. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வரவேண்டியது. இரண்டையும் சேர்த்தால் சாவி எப்போதும் திருப்பியே இருக்கிறது என்று பெட்டி நம்பும். பட்டனை அழுத்தினால் திரை மட்டும் கறுக்கும். உள்ளே கணினி ஓடிக்கொண்டே, நீல ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரையும் எழுப்பி வைக்கும். கடைக்காரரைத் திட்ட வாய் திறந்தபோதுதான் நினைவு வந்தது: சாவி இல்லாமலே பாட்டு கேட்க வேண்டும் என்று ஜே.சி. ரோடில் நின்று கேட்டது என் மகன், தலையாட்டியது நான்.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் இறங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் இந்தச் சிறிய ஃபியூஸ்கள் வழியாகப் போவதில்லை. அதற்குள் ஒரு டயோடு பழுதானால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி ஓடும். அதிகாலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய, பேட்டரி கேபிளை முதலில் கழற்றிவிட்டு அந்தத் தடித்த ஒயரைப் பிரித்து, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளக்க வேண்டும். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அந்த நட்டைத் தொடக்கூடாது. அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஏர்பேக்கின் மஞ்சள் இணைப்புகளில் மீட்டர் முனையைச் செருகுவதும் வேண்டாம். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

சிவப்பு ஒயரைப் பிரித்து, சாவியோடு மின்சாரம் வரும் ஒயரில் இணைத்தேன். மீண்டும் பூட்டி, அரை மணி நேரம் காத்திருந்தேன்: 0.03. மறுநாள் காலை பேட்டரி 12.5 காட்டியது. மகன் இப்போது பாட்டு கேட்க வேண்டுமென்றால் மூன்று மாடி ஏறி வந்து சாவி கேட்கிறான்.