முட்டை பழசா என்று தண்ணியில் பார்ப்பது

ஆழமான கோப்பையில் முட்டை மூழ்குமளவு பச்சைத் தண்ணி விட்டு, முட்டையை மெதுவாக வையுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதிசு. அடியிலேயே நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் பழசு, நன்றாக அவித்துச் சாப்பிடலாம். மேலே மிதந்தால் கறிச்சட்டிக்குள் நேரே உடைக்காதீர்கள். தனிக் கிண்ணத்தில் உடைத்து மணந்து பாருங்கள், நாறினால் கூழ்முட்டைதான். நாறாவிட்டாலும் நான் எறிந்துவிடுவேன்.

கோதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேற, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெருக்கும். அதனால்தான் பழைய முட்டை அந்த முனையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. வன்னி வெயிலில் வெளியே வைத்த முட்டைக்கு இது சீக்கிரமே நடக்கும்.

தண்ணியில் உப்புப் போடாதீர்கள், புது முட்டையும் மிதக்கும். பார்த்த முட்டையை அன்றே சமையுங்கள். நனைந்த கோது கிருமியைச் சுலபமாக உள்ளே விடும்.

ஊர்க்கோழி அடைகிடந்த முட்டைக்கு இந்தச் சோதனை உதவாது. சில நாள் அடைபட்ட முட்டையும் அடியில்தான் கிடக்கும். அதை இருட்டில் ரோச் லைற்றின் மேல் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் கோழிக்கே திருப்பி வைத்துவிடுங்கள். வெடித்த முட்டை தண்ணியில் மூழ்கினாலும் வேண்டாம். சல்மொனெல்லாக் கிருமி இருக்கிறதா என்பதையும் தண்ணி காட்டாது.