அறிவியல் புராஜெக்டுக்கு மதிப்பெண் அட்டவணை போடும்போது

கேள்வி, செய்முறை, பதிவு, விளக்கம், தோற்றம் என்று ஐந்துக்கும் தலா 4 மதிப்பெண் போட்டால் தெர்மாகோல்தான் ஜெயிக்கும். கிருஷ்ணகிரி அணை மாடல், லைட்டெல்லாம் எரிகிறது: 3, 1, 2, 3, 4, மொத்தம் 13. இன்னொரு குழு போர் தண்ணீரையும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையும் சோப்பு நுரை வைத்து ஒப்பிட்டது, சார்ட் கசங்கிவிட்டது: 2, 4, 3, 2, 1, மொத்தம் 12. செய்முறைக்கும் பதிவுக்கும் இரண்டு மடங்கு கொடுங்கள். அணை 16, நுரை 19.

அப்புறம், 'நன்று', 'மிக நன்று' என்று எழுதாதீர்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரி எழுதுங்கள். செய்முறைக்கு: இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்புக் கரைசல், மூன்று முறை செய்திருந்தால் 4. ஒரே முறை செய்திருந்தால் 3. அளவே மாறியிருந்தால் 1.

நுரை குழு எதிர்பார்த்த விடை வராததை அப்படியே எழுதியிருந்தால் பதிவில் குறைக்கக் கூடாது. குறைத்தால் அடுத்த வருஷம் எண்களை ஜோடித்துக் கொண்டுவருவார்கள்.

திருத்தும்போது எல்லாக் குழுவுக்கும் முதலில் செய்முறையை மட்டும் போட்டு முடியுங்கள், பிறகு பதிவு. தோற்றம் கடைசி. அட்டவணையைப் புராஜெக்ட் கொடுக்கும் அன்றே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.