முதல் நாள் அறிமுகத்தை நான் மாற்றிய விதம்

மாலை வகுப்பில் எக்செல் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பலர் பள்ளியை விட்டு ரொம்ப வருடம் ஆனவர்கள். முன்பெல்லாம் முதல் நாள் என் படிப்பு, அனுபவம் எல்லாம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து பெயரும் படிப்பும் சொல்லச் சொல்வது வழக்கம். படிப்பு என்றதும் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள், அவர்களில் சிலர் மறுவாரம் வரவே மாட்டார்கள்.

இப்போது என் பெயரைச் சொன்ன கையோடு அவர்கள் மனதில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: யாரையும் திடீரென்று எழுப்பிக் கேட்க மாட்டேன், தேர்வு கிடையாது, ஒரு நாள் வராவிட்டால் அடுத்த வகுப்புக்குக் கொஞ்சம் முன்னால் வாருங்கள், விட்டதைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அப்புறம் பெரிய திரையில் ஒரு கணக்கு. இன்று செய்த வேலைகளுக்கு ஆன நேரம்: A1-இல் 40 நிமிடம், A2-இல் 25, A3-இல் 30. கீழே

```
=SUM(A1:A3)
```

95 வர வேண்டும், 55 வருகிறது. எங்கே தப்பு என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று விட்டுவிடுவேன். A1 மட்டும் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ‘நிமிடம்’ என்று சேர்த்ததால் எக்செல் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லை அழித்ததும் 95.

பெயர்களை அதற்குப் பிறகுதான் கேட்கிறேன், உட்கார்ந்தபடியே சொன்னால் போதும். படிப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை.