செப்டம்பரில் சரிபாருங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஜூலை 12-இல் பிறந்தவர். எண் கணித ஜோதிடத்தில், பிறந்த தேதி, மாதம், பார்க்கும் வருடம் மூன்றின் இலக்கங்களையும் கூட்டிச் சுருக்குவது தனி வருட எண். 2026-க்கு அவருடைய எண்: 1+2+7+2+0+2+6=20, அதாவது 2. நவம்பர் ஆண்டின் 11-ஆம் மாதம், அதைச் சுருக்கினால் 2. வருட எண்ணோடு கூட்டினால் தனி மாத எண் 4. அந்த மாதம் 20-ஆம் தேதிக்கு 4+2, தனி நாள் எண் 6.

மாமா மாத எண்ணிலும் பிறந்த தேதியை மறுபடி கூட்டிவிட்டார். பலரும் சறுக்குவது இங்கேதான். இதைச் செப்டம்பரில் சரிபார்க்கலாம், அது 9-ஆம் மாதம். 9-ஐக் கூட்டினால் சுருக்கிய எண் மாறாது. அதனால் செப்டம்பர் மாத எண் வருட எண்ணாகவே வர வேண்டும். மாமாவுக்கு 5 வந்தது!

அப்புறம், பலன் பார்க்கும்போது வருட எண்தான் அடித்தளம். நாள் எண் 6 குடும்பத்தைக் காட்டினாலும், அதை வருட எண் 2-இன் பொறுமைக்குள் வைத்தே படிப்பார்கள்.