அப்லோட் ஓடும்போது வீடியோ அழைப்பு திணறுகிறதா? பஃபர்புளோட்டைச் சரிசெய்த கதை

என் இணைப்பு கீழே 100, மேலே 20 மெகாபிட். சாதாரண நேரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கைப்பேசி படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்ற ஆரம்பித்த உடனே வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார். வேகச் சோதனை ஓட்டினால் எல்லாம் பச்சை. பேண்ட்வித் போதவில்லை என்று நினைத்துத் திட்டத்தை மாற்றப் போனேன், நல்லவேளை மாற்றவில்லை.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். கணினியைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, டெர்மினலில் இதை ஓடவிடுங்கள். விண்டோஸ் என்றால் நடுவில் `-t` சேர்க்க வேண்டும்.

```
ping 1.1.1.1
```

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கோப்பை எங்காவது அப்லோட் செய்யுங்கள். எனக்குச் சும்மா இருக்கும்போது 14 மில்லிவினாடி, அப்லோட் தொடங்கிச் சில வினாடிகளில் 700ஐ ஒட்டி வந்து அங்கேயே நின்றது. அப்லோடை நிறுத்தியதும் மறுபடி 14. இப்படி ஏறி இறங்கினால் அது பஃபர்புளோட். உங்களுக்கு 20, 30 மில்லிவினாடி மட்டும் கூடினால் இதைப் படித்து நேரம் செலவழிக்க வேண்டாம், சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

அந்த 700 எங்கிருந்து வருகிறது? வீட்டுக்குள் கம்பி ஒரு கிகாபிட், வெளியே போகும் வாசல் 20 மெகாபிட்கூட இல்லை. மிஞ்சும் பாக்கெட்டுகள் மோடமின் பஃபரில் வரிசை கட்டுகின்றன. 1,500 பைட் பாக்கெட் ஆயிரம் நிற்க இடமிருந்தால் மொத்தம் 1.5 மெகாபைட், அதாவது 12 மெகாபிட். நிஜத்தில் வினாடிக்கு 17 மெகாபிட் வெளியேறினால், வரிசைக் கடைசியில் வந்து நிற்பவர் வெளியே போக 0.7 வினாடி ஆகும். உங்கள் குரலைச் சுமக்கும் குட்டிப் பாக்கெட்டும் அந்தப் படங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. கோப்புகளை அனுப்பும் டிசிபி நெறிமுறை வழக்கமாக ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் எதையும் தொலைக்காமல் சேர்த்து வைத்துக்கொள்வதால், வரிசை நிரம்பி வழியும்வரை டிசிபிக்கு நெரிசலே தெரியாது. டவுன்லோட் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த அப்லோட் வரிசை அப்படியேதான் இருக்கும்.

2010இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது இதையே கண்டுபிடித்துத்தான் பஃபர்புளோட் என்ற பெயரை வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையைக் கொடுத்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கிறது. 100 மில்லிவினாடி நேரம் தொடர்ந்து காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காவிட்டால், சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு டிசிபிக்குச் சேதி சொல்லும். நாம் போடப்போகும் `cake` அதே வழியில் வந்ததுதான், கூடவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை வைக்கிறது.

ரவுட்டரில் OpenWrt என்ற இயங்குதளம் இருக்க வேண்டும். அதை ஏற்றுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. பல ரவுட்டர்களில் வரும் "கேமிங் முன்னுரிமை" பொத்தான்களை நான் நம்புவதில்லை. நெரிசல் மோடமில் இருக்கும்போது, ரவுட்டருக்குள் யாரை முன்னால் விட்டால் என்ன? SSH வழியே ரவுட்டருக்குள் நுழைந்து, வரிசையைக் கட்டுப்படுத்தும் SQM தொகுப்பை நிறுவுங்கள்:

```
opkg update
opkg install luci-app-sqm
```

புதிய பதிப்புகளில் `opkg`க்குப் பதில் `apk` வந்துவிட்டது, அங்கே `apk update`, `apk add luci-app-sqm`. பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் Network மெனுவில் SQM QoS பக்கம் வரும். இன்டர்ஃபேஸாக வெளியே போகும் வாசலைத் தேர்ந்தெடுங்கள், எனக்கு அது `eth1`. Queue Discipline பகுதியில் `cake`, ஸ்கிரிப்ட் `piece_of_cake.qos`. வேகத்தைக் கிலோபிட்டில் கேட்கும், 16 மெகாபிட் என்றால் 16000 என்று எழுத வேண்டும். வெறும் 16 என்று போட்டுவிட்டு இணையம் செத்துவிட்டது என்று அலறியவன் நான்.

இனி என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம். திட்டத்தில் 20 என்று இருந்ததால் அதில் 95 சதவீதம், 19000 போட்டேன். பிங் அதே 700. இன்டர்ஃபேஸை மாற்றினேன், ரீபூட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அப்லோடை ஓடவிட்டு, ரவுட்டரில் இதைப் பார்த்தேன்:

```
tc -s qdisc show dev eth1
```

`dropped` என்ற எண் அசையவே இல்லை. அப்லோட் முழு வேகத்தில் போகும்போதும் `cake` ஒரு பாக்கெட்டைக்கூடக் கைவிடவில்லை என்றால், அதனிடம் வரிசையே இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் மண்டையில் ஏறியது. SQM செய்யும் வேலையே நெரிசலை மோடமிலிருந்து நம் ரவுட்டருக்கு இழுத்து வருவதுதான். அதற்கு நாம் போடும் எண் கம்பியின் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மாலையில் அளந்தபோது எனக்கு உண்மையில் கிடைத்தது 17தான். 19000 என்பது திறந்த கதவுக்கு முன்னால் இன்னொரு திறந்த கதவு, அவ்வளவே.

16000 போட்டேன். `dropped` ஏறத் தொடங்கியது, பிங் 18, 20க்குள் நின்றது. வேகச் சோதனை அப்லோடை 15 என்று காட்டும், அது நாம் கொடுக்கும் விலை. ஆகவே SQMஐ அணைத்துவிட்டு, நெரிசலான நேரத்தில் மூன்று நான்கு முறை அளந்து, கிடைத்ததில் குறைந்த எண்ணை எடுத்து அதற்கும் கொஞ்சம் கீழே போடுங்கள். டவுன்லோடுக்கு இன்னும் தாராளமாகக் குறைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பாக்கெட் நம்மிடம் வரும் முன்பே எதிர்முனையில் வரிசை கட்டிவிடுகிறது. எனக்கு 88 கிடைத்தது, 78000 போட்டேன்.

Link Layer Adaptation பகுதியில் Ethernet தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடப் போகும் கூடுதல் பைட்டுகளான ஓவர்ஹெட்டை 44 என்று வைத்துவிடுங்கள். சற்றுக் கூடுதலாக இருந்தால் கொஞ்சம் வேகம் போகும், குறைவாக இருந்தால் பிங் ஏறிவிடும், நான் முதலாவதையே தேர்வு செய்வேன்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர் எல்லாம் சரியாகப் போட்டும் `dropped` பூஜ்யம் என்று எழுதியிருந்தார். அவர் Firewall பக்கத்தில் வன்பொருள் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை இயக்கி வைத்திருந்தார். அது பாக்கெட்டுகளைக் கர்னலுக்குக் காட்டாமலே குறுக்குவழியில் அனுப்பிவிடும், `cake` கண்ணில் எதுவும் படாது. அணைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் ஆஃப்லோடிங் போனால் முழுச் சுமையும் சிபியு தலையில்தான். ரவுட்டரில் `top` ஓட்டிப் பாருங்கள், சோதனையின்போது `sirq` ஏறி `idle` பூஜ்யத்தை ஒட்டிவிட்டால் அந்த ரவுட்டரால் இந்த வேகத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது. எண்ணைக் குறையுங்கள், அல்லது டவுன்லோடுக்கு 0 போட்டு அப்லோடை மட்டும் கட்டுப்படுத்துங்கள். 0 என்றால் அந்தப் பக்கம் கட்டுப்பாடு இல்லை என்று பொருள்.

இன்னொன்று: பிங் கேபிளில் 20, வைஃபையில் 200 மில்லிவினாடி என்றால் வரிசை இப்போது வைஃபையில் நிற்கிறது. `eth1`இல் எந்த எண்ணை மாற்றினாலும் அது குறையாது.