'என்றான்' எந்தப் பக்கம் பார்க்கிறது? பத்தியாக எழுதிய நாடகத்தைப் பிரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் நான்கைந்து இளைஞர்கள் கூடி ஒரு பழைய நாடகத்தைத் தட்டச்சு செய்கிறார்கள். எழுதியவர் அதைச் சிறுகதை போலப் பத்தி பத்தியாக ஒற்றைறூள் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறார். பேச்சு, செயல், மனதில் ஓடுவது எல்லாம் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பாத்திரப் பெயர், மேடைக் குறிப்பு, வசனம் என்று பிரித்து, அங்கமும் காட்சியும் வகுத்துக் கொடுக்க வேண்டும். போன கிழமை எட்டிப் பார்த்தேன். இருபது வருடங்களுக்கு முன்னர் நான் விட்ட அதே பிழையை அச்சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேற்கோள் குறி தவறுவது, பெயருக்குப் பின் முக்காற்புள்ளி மறப்பது போன்றவற்றை நான் எடுக்கப் போவதில்லை. அவை சரவை பார்க்கும்போது கண்ணில் படும். கண்ணில் படாத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

பேச்சை ஒரு படி தள்ளிவிடுவது

தமிழ் உரைநடையில் பேச்சு முதலில் வரும், பேசியவர் பிறகு வருவார். "வருகிறேன்" என்றான் கந்தன். நாடகப் பிரதியில் இது தலைகீழ்: பெயர் முதலில், பேச்சு பிறகு. பத்துப் பக்கம் தட்டச்சு செய்தவுடன் கை பிரதியின் ஒழுங்குக்குப் பழகிவிடுகிறது. 'என்றான் கந்தன்' என்று கண்டதும் கந்தனை அடுத்த பேச்சின் தலையில் கட்டிவிடுகிறது. முந்தைய பேச்சு அநாதையாக நிற்க, அதையும் யாரோ ஒருவரோடு ஒட்டிவிடுகிறோம்.

இதைச் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் காட்டுவது எளிது. நானே இட்டுக்கட்டிய ஒரு பத்தி இது:

சின்னத்துரை கதவடியில் நின்றார். "பதினைந்தாம் திகதி தருவேன் என்றீர்." "சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை, அண்ணை" என்றான் இராசன். "இந்த வீட்டில் எல்லாருக்கும் கஷ்டம்தான்." "தம்பி இன்னும் சாப்பிடவில்லை" என்றபடி பரமேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள். "எனக்குப் பசியில்லை." "நீர் பேசாமல் இரும்." "பேசாமல் இருந்துதான் முப்பது வருடம் போனது" என்றாள் பரமேஸ்வரி.

சின்னத்துரையும் பரமேஸ்வரியும் வீட்டுக்காரர்கள். இராசன் அங்கே அறை எடுத்திருக்கும் எழுதுவினைஞன். அந்த மாடி அறையில் ஒருவரிடம் இதைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். இப்படி வந்தது:

சின்னத்துரை: பதினைந்தாம் திகதி தருவேன் என்றீர்.
இராசன்: சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை, அண்ணை. இந்த வீட்டில் எல்லாருக்கும் கஷ்டம்தான்.
சின்னத்துரை: தம்பி இன்னும் சாப்பிடவில்லை.
பரமேஸ்வரி: (குசினியிலிருந்து வந்து) எனக்குப் பசியில்லை.
சின்னத்துரை: நீர் பேசாமல் இரும்.
பரமேஸ்வரி: பேசாமல் இருந்துதான் முப்பது வருடம் போனது.

வாசித்துப் பாருங்கள், எங்கேயும் இடறவில்லை. கறாரான வீட்டுக்காரர் திடீரென்று இரக்கப்படுகிறார், மனைவி முகம் கோணுகிறாள், கணவன் அதட்டுகிறான், அவள் முப்பது வருடக் கணக்கைத் தீர்க்கிறாள். நல்ல காட்சிதான். ஆனால் எழுதியவர் எழுதிய காட்சி அல்ல. அவர் எழுதியது இது:

சின்னத்துரை: (கதவடியில் நின்று) பதினைந்தாம் திகதி தருவேன் என்றீர்.
இராசன்: சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை, அண்ணை.
சின்னத்துரை: இந்த வீட்டில் எல்லாருக்கும் கஷ்டம்தான்.
பரமேஸ்வரி: (குசினியிலிருந்து வந்தபடி) தம்பி இன்னும் சாப்பிடவில்லை.
இராசன்: எனக்குப் பசியில்லை.
சின்னத்துரை: (பரமேஸ்வரியிடம்) நீர் பேசாமல் இரும்.
பரமேஸ்வரி: பேசாமல் இருந்துதான் முப்பது வருடம் போனது.

இரக்கம் கணவனுடையது அல்ல, மனைவியுடையது. பட்டினி கிடப்பவன் இராசன். ஒரு 'என்றான்' முன்னால் பார்த்ததில் மூன்று பேருடைய குணமும் மாறிவிட்டது.

நான் மாட்டிக்கொண்டது ஒரு தாயும் இரண்டு மகள்மாரும் பேசும் காட்சியில். பதினொரு பேச்சுகள் ஒரு படி தள்ளிப் போயிருந்தன. அறுபத்திரண்டு பக்கப் பிரதியைப் பதினான்கு பேருக்குப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தாயிற்று, மூன்று கிழமை ஒத்திகையும் ஆயிற்று. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நெறியாளர் அந்தக் காட்சியில் 'தாய்க்கும் மகளுக்கும் இடையில் தலைகீழான ஓர் உறவு' இருப்பதாக விளக்கினார். மூத்த மகளாக நடித்தவர் தன் வரிகளுக்குள் ஓர் உள்ளர்த்தத்தையும் கண்டுபிடித்து அதற்கேற்பக் குரலை இறக்கிப் பேசிப் பழகிவிட்டார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை நாடகாசிரியர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். காட்சி முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதில் யார் தாய்?"

பாடம் செய்த வரியை மறக்க வைப்பது, புதிதாகப் பாடம் செய்ய வைப்பதைவிடக் கடினம். மேடையேற்றத்தன்று கூட அந்த மூத்த மகள் ஓரிடத்தில் தாயின் வரியைத் தொடங்கிவிட்டு விழுங்கினார். அதற்குப் பொறுப்பு நான்.

அதன்பிறகு தட்டச்சுக்கு முன்னால் பென்சிலோடுதான் உட்காருகிறேன். ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் இலக்கம் போடுவேன். பிறகு 'என்றான்', 'என்றாள்', 'என்றபடி' எல்லாவற்றிலிருந்தும் பின்னோக்கி ஓர் அம்புக்குறி. 'இராசன் சொன்னான்:' என்று முன்னுக்கு வந்தால் முன்னோக்கி அம்பு. 'சின்னத்துரை கதவடியில் நின்றார்' போன்ற வெறும் செயலுக்குப் பெரும்பாலும் முன்னோக்கித்தான், ஆனால் அதை உறுதி என்று எடுப்பதில்லை, புள்ளிக்கோடாகப் போடுவேன். அம்பு தொட்ட பேச்சுகளுக்கு மட்டும் பெயர் எழுதுவேன். மிஞ்சியவற்றை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து மட்டும் மாறி மாறி நிரப்பிக்கொண்டு போனால் பிழை இருந்தாலும் தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்போது நடுவில் ஒரே ஆள் இரண்டு முறை தொடர்ந்து பேச நேர்ந்தால், கோளாறு அங்கேதான்.

முடித்தபின் எண்ணிக்கை பாருங்கள். மேலேயுள்ள பத்தியில் ஏழு பேச்சுகள், பிழையான பிரதியிலோ ஆறு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொண்டன. "சம்பளம் வரவில்லை" என்றான் இராசன், "நாளைக்கு வரும்" என்பது போல நடுவில் வெட்டிய பேச்சு ஒன்று என்றே கணக்கு. மற்றபடி எண்ணிக்கை குறைந்தால் காரணம் தெரியாமல் விடக்கூடாது.

கடைசிச் சோதனை, ஒவ்வொரு பாத்திரத்தின் வரிகளையும் தனியே எடுத்து வாசிப்பது. அழைக்கும் முறை காட்டிக்கொடுத்துவிடும். இராசனை 'நீர்' என்று நிறுத்திவைக்கிற சின்னத்துரை, அவனையே 'தம்பி' என்று குழைவதாக வந்தால் அந்த வரி வேறொருவருடையது. ஆனால் 'நீர்' கொஞ்சம் ஏமாற்றும். எங்கள் வழக்கில் கணவன் மனைவிக்கும் 'நீர்' சொல்வான், அறைக்காரனுக்கும் 'நீர்' சொல்வான். "நீர் பேசாமல் இரும்" யாரிடம் சொன்னது என்பதை அந்த வரி சொல்லாது. அடுத்த வரியில் பதில் சொன்னது யார் என்பதுதான் சொல்லும்.

பார்க்க முடியாததை அடைப்புக்குறிக்குள் போடுவது

'இராசனுக்கு ஊர் நினைவு வந்தது' என்று மூலத்தில் இருக்கும். அதைத் தூக்கி (இராசனுக்கு ஊர் நினைவு வருகிறது) என்று போட்டுவிட்டால் மேடைக் குறிப்பு ஆகிவிடாது. பின்வரிசையில் இருப்பவர் எதைப் பார்ப்பார்? அதற்காக நீங்களாக ஒரு தனிமொழி எழுதிச் சேர்க்கவும் வேண்டாம், வெட்டி எறியவும் வேண்டாம். தனித்தாளில் பக்க எண்ணோடு குறித்து ஆசிரியரிடம் கொடுங்கள். சிலர் 'சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கிறான்' என்று மாற்றித் தருவார்கள், சிலர் போகட்டும் என்பார்கள். அந்த முடிவு அவருடையது.

'என்று கோபத்துடன் கூறினார்' என்பது வேறு வகைத் தொல்லை. வரிக்கு வரி (கோபமாக), (சோகமாக) என்று ஏற்றினால் நடிகர் மூன்றாம் பக்கத்திலிருந்து அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகத் தொடங்கிவிடுவார். பிறகு உண்மையிலேயே அவசியமான (கதவைச் சாத்தி) என்பதையும் தாண்டிவிடுவார். சொற்களே கோபத்தைக் காட்டுகின்றன என்றால் குறிப்பை விடலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வரி சாந்தமாகவும் குரல் கோபமாகவும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கட்டாயம் வையுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். 'என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார்' என்பது மூலத்தில் பேச்சுக்குப் பின்னால் நிற்கும். அப்படியே வரியின் வாலில் போட்டால் பேசி முடித்துவிட்டுச் சாத்துவார். சொல்லிக்கொண்டே என்றால் குறிப்பு வரியின் தலையிலோ நடுவிலோ வர வேண்டும்.

ஆள் வந்ததும் புதுக் காட்சி

பிரெஞ்சு நாடக மரபில் ஒருவர் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ புதுக் காட்சி என்று எண்ணுவதுண்டு. நாங்கள் அப்படி எண்ணுவதில்லை. இடமோ நேரமோ மாறினால்தான் காட்சி மாறும். பரமேஸ்வரி குசினியிலிருந்து வந்ததற்குக் காட்சி இரண்டு போட்டால், விளக்குப் போடுபவர் இருட்டாக்கிவிடுவார். மாறாக, 'மறுநாள் கடையில் நின்றபோதும் அந்தச் சொல் அவனை உறுத்தியது' என்று ஒரு வாக்கியத்தின் நடுவில் இடமும் நேரமும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். அங்கே கட்டாயம் வெட்ட வேண்டும். பத்தி மாறும் இடத்தையல்ல, இந்த 'மறுநாள்', 'அன்றிரவு', 'வீட்டுக்கு வந்ததும்' என்ற சொற்களைத் தேடிப் போங்கள்.

அங்கம் பிரிப்பது இன்னும் பெரிய முடிவு. சின்னத்துரை வீட்டுக் கதையில் இராசன் அறையைக் காலி செய்து போகும் இடம் போல, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் வேண்டும். தேநீருக்கு நேரமாகிறது என்பதற்காக அங்கம் பிரிக்காதீர்கள். இன்னொன்று: 1891இல் வந்த மனோன்மணீயத்தில் அங்கத்துக்குள் இருக்கும் பிரிவுக்குக் களம் என்று பெயர். நீங்கள் எதை வைத்தாலும் ஒன்றையே கடைசிவரை வையுங்கள்.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

சின்னத்துரை, வீட்டுக்காரர், கிழவர். ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

பேச்சு வழக்கைத் திருத்துவது

வேண்டாம்.

வலமும் இடமும்

மேடையின் வலம் என்றால் சபையைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம்.

தெரியாததை ஊகித்து நிரப்புவது

அம்பும் எண்ணிக்கையும் அழைக்கும் முறையும் கைகொடுக்காத வரிகள் ஒரு நாடகத்தில் நாலைந்தாவது மிஞ்சும். அங்கே பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு ஆசிரியரிடம் அனுப்புங்கள். ஒருமுறை அப்படி அனுப்பிய "இனி என்ன செய்வது?" என்ற வரி, 'எனக்கும் நினைவில்லை, இரண்டு பேரும் சொல்லட்டும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. 'இருவரும்:' என்று போட்டோம். ஒத்திகையில் அந்த இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவதற்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.