திருத்துவதா, பிந்திப் போடுவதா? இந்திய வரி ரிட்டர்னில் நம்மவர் விடும் பிழைகள்

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். சென்னையில் பிறந்து வளர்ந்து யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். கையில் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுத்தான். தகப்பனார் விட்டுப்போன பணம் சென்னை வங்கியொன்றில், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. வைப்பாகக் கிடக்கிறது. 2023 ஏப்ரல் தொடக்கம் 2024 மார்ச் வரை அதற்கு வந்த வட்டி 4,00,000 இந்திய ரூபாய். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வங்கி 31.2 சதவீதம், அதாவது 1,24,800 ரூபாயை வரியாகப் பிடித்துவிட்டது. அதைத் திருப்பி எடுக்கத்தான் வருமான வரி ரிட்டர்ன்.

2024 செப்டெம்பர் 12 அன்று வந்தார். "தம்பி, ஜூலையிலேயே அண்ணன்ர மகன் போட்டுட்டான். அதில ஒரு பிழையாம். ரிவைஸ் பண்ணித் தாங்கோ." இருபது வருஷத்தில் சென்னைத் தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை!

பிழை உண்மைதான். பொடியன் ITR-1 படிவத்தில் போட்டிருந்தான். அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமான படிவம். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு, தொழில் வருமானம் ஏதும் இல்லையென்றால், ITR-2. இதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் கணக்கைத் திறந்தால் ஜூலை 28 அன்று போட்ட ரிட்டர்னின் பக்கத்தில் `Pending for e-Verification` என்று இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இது ரிவைஸ் பண்ணுகிற விஷயமில்லை என்று.

ரிவைஸ்டு ரிட்டர்ன் என்பது செல்லுபடியாகும் ஒரு ரிட்டர்ன் ஏற்கெனவே இருக்க, அதன் இடத்தில் வைக்கும் புதிய ரிட்டர்ன். சட்டத்தில் பிரிவு 139(5). பிலேட்டட் ரிட்டர்ன் என்பது கெடு தாண்டியபின் முதல்முறையாகப் போடுவது, பிரிவு 139(4). 2023 ஏப்ரல் தொடக்கம் 2024 மார்ச் வரை வந்த வருமானத்துக்கு இந்தியாவில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்று பெயர். அந்த ஆண்டுக்கு இவரைப் போன்றவர்களுக்குக் கெடு 2024 ஜூலை 31. பிந்திப் போடவும் திருத்தவும் கடைசி நாள் ஒன்றேதான், டிசெம்பர் 31. இந்த ஒற்றுமையால்தான் பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். நாள் ஒன்றாக இருக்கலாம், செலவு ஒன்றல்ல. திருத்துவதற்குக் கட்டணம் கிடையாது. பிந்துவதற்கு உண்டு.

அக்காவின் ரிட்டர்ன் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே போய்விட்டதே என்று கேட்கலாம். போய்விட்டது, ஆனால் உறுதிப்படுத்தப்படவில்லை. போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும். அந்த 30 நாளுக்குள் செய்தால் போட்ட நாளே தாக்கல் செய்த நாள். தாண்டிவிட்டால் உறுதிப்படுத்திய நாள்தான் தாக்கல் நாளாகக் கணக்கு. இவருக்கு அந்த 30 நாள் ஆகஸ்ட் 27 உடன் முடிந்துவிட்டது. ஆதாரோடு இணைந்த சென்னை சிம் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துப்போயிருக்க, ஓடிபி வரவில்லை. பொடியன் "அப்புறம் பார்ப்போம்" என்று விட்டிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டு இந்திய ரிட்டர்ன் போடுபவர்களுக்கு நான் பார்த்த வரை மிக அதிகமாக நடக்கிற பிழை இதுதான்.

ஓடிபி வராவிட்டால் இரண்டு வழி உண்டு. இந்திய வங்கியின் இணையக் கணக்கு வழியாக வரித்தளத்துக்குள் போனால் அங்கேயே உறுதிப்படுத்தலாம். வங்கியில் இலங்கை இலக்கம் பதிவாகியிருந்தால் இது சுலபம். இல்லையென்றால் ITR-V என்ற ஒப்புகைத் தாளில் கையொப்பமிட்டு பெங்களூரில் உள்ள வரித்துறை மையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கே போய்ச் சேரும் நாள்தான் கணக்கு, இங்கே தபாலில் சேர்த்த நாள் அல்ல. ஜூலைக் கடைசியில் போட்டுவிட்டு ஆகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத் தபாலகத்தில் சேர்த்தால் ஒன்றும் நடக்காது.

சரி, அக்காவுக்கு என்ன செய்தோம்? உறுதிப்படுத்தாத ரிட்டர்னை `Discard` கொடுத்து நீக்க வழி இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, செப்டெம்பர் 14 அன்று ITR-2 படிவத்தில் புதிதாக, 139(4) என்று தெரிவு செய்து போட்டோம். அன்றைக்கே வங்கி வழியாக உறுதிப்படுத்தினோம். 139(5) என்று தெரிவு செய்தால் தளம் மூல ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் நாளையும் கேட்கும். கையில் ஓர் எண் இருக்கிறதே என்று ஜூலை எண்ணைக் கொண்டுபோய் அங்கே போட வேண்டாம். உறுதிப்படாத ரிட்டர்ன் சட்டத்தின் கண்ணில் ரிட்டர்னே அல்ல, இல்லாத ஒன்றைத் திருத்த முடியாது.

இனி செலவு. இங்கேதான் அக்காவுக்கு முகம் வாடியது.

பிந்திய கட்டணம் பிரிவு 234F-இன்படி 1,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000. எல்லோரும் அறிந்தது இவ்வளவுதான், இதோடு முடியும் என்றுதான் நினைக்கிறார்கள்.

இந்தியாவில் வரியைக் கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு. பொடியன் ஜூலையில் பழைய வரி முறையைத் தெரிவு செய்திருந்தான். அக்கா இந்தியாவில் ஆயுள் காப்புறுதிக்குக் கட்டும் 1,50,000 ரூபாயை அதில் கழிக்கலாம். மிஞ்சும் வருமானம் 2,50,000. பழைய முறையில் அதுவரை வரியே இல்லை. பிடித்த பணம் முழுவதும் திரும்ப வந்திருக்கும். ஆனால் பழைய முறையைத் தெரிவு செய்ய, கெடுவுக்குள் போட்ட ரிட்டர்ன் வேண்டும். பிந்திவிட்டால் தொழில் வருமானம் இல்லாதவருக்குப் புதிய முறைதான், தெரிவு கிடையாது. புதிய முறையில் காப்புறுதிக் கழிவு இல்லை. அந்த ஆண்டு முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, மிச்சம் 1,00,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 5,000. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 5,200. இந்த வருமானத்துக்கு வரியைப் பூச்சியமாக்கும் 87A தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுந்தான், யாழ்ப்பாணத்துக்கு இல்லை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. கெடுவுக்குள் போட்டவருக்குத் திரும்ப வரும் பணத்துக்கு ஏப்ரல் 1 தொடக்கம் மாதம் அரைச் சதவீத வட்டி கிடைக்கும். பிந்திப் போட்டவருக்குப் போட்ட நாளிலிருந்துதான். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு மாதம் 600 ரூபாய்ச் சொச்சம் போயிற்று. ஆக 1,000 என்று நினைத்தது மொத்தத்தில் 9,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஓர் ஓடிபிக்காக!

வரி திரும்பி வராமல், கட்ட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு வேறு கணக்கு. கட்டாத வரிக்குக் கெடுவிலிருந்து மாதம் 1 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் என்றாலும் முழு மாதம். 20,000 ரூபாய் பாக்கியோடு ஒக்டோபர் 10 அன்று போட்டால் ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் என மூன்று மாதம், 600 ரூபாய். ரிட்டர்ன் பிந்தும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வரியை மட்டுமாவது ஜூலை 31க்குள் கட்டிவிடுங்கள், இந்த வட்டி ஏறாது.

நவம்பரில் அக்கா மறுபடி வந்தார். சேமிப்புக் கணக்கு வட்டி 6,000 ரூபாய் விடுபட்டிருந்தது. பிந்திப் போட்டதைத் திருத்த முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அது பழைய சட்டம். 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பிலேட்டட் ரிட்டர்னையும் திருத்தலாம். இந்தத் தடவை உண்மையிலேயே 139(5), செப்டெம்பர் ஒப்புகை எண்ணோடு. விடுபட்ட 6,000 ரூபாயை மட்டும் போட்டு அனுப்பக் கூடாது. திருத்திய ரிட்டர்ன் பழையதை முழுதாகத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், ஆகவே 4,06,000 ரூபாயும் அதில் இருக்க வேண்டும். வரி 312 ரூபாய் கூடியது. ஆனால் அந்த வட்டிக்கும் வங்கி 1,872 பிடித்திருந்ததால் கைக்கு 1,560 கூடுதலாக வந்தது. இரண்டாவது 1,000 கட்டணம் இல்லை. முதல் 1,000 மட்டும் அப்படியே நின்றது. திருத்தினால் பிந்தியது பிந்தாததாக மாறாது. திருத்தியதையும் உறுதிப்படுத்த வேண்டும், அதற்கும் அதே 30 நாள்.

ஆண்டின் பெயரிலும் நம்மவர் தடுக்கி விழுகிறார்கள். இங்கே இறைவரித் திணைக்களத்துக்கு 2023/2024 மதிப்பீட்டு ஆண்டு என்றால் அந்த வருமானம் வந்த ஆண்டேதான், விபரத்திரட்டுக்குக் கெடு நவம்பர் 30. இந்தியாவில் மதிப்பீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது. அதே வருமானம் அங்கே 2024-25. நவம்பர் 30ஐ மனதில் வைத்து இந்திய ரிட்டர்னோடு உட்காருபவர் நான்கு மாதம் பிந்திவிட்டார். மேலே சொன்னவை பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, அதற்குப் பிந்திய வருமானத்துக்கு எண்களையும் நாட்களையும் புதிதாகப் பாருங்கள்.

டிசெம்பர் 31ஐயும் தவறவிட்ட ஒருவரின் கதை வேறு. சுன்னாகத்துக்காரர், சென்னையில் வேலை பார்த்துவிட்டு 2022இல் ஊர் திரும்பியவர். அங்கே விட்டு வந்த வைப்புக்கு 2,00,000 ரூபாய் வட்டி, பிடித்த வரி 62,400. வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பதால் வரியும் இல்லை, பிந்திய கட்டணமும் இல்லை, முழுப் பணமும் திரும்ப வர வேண்டியது. 2024 டிசெம்பர் 31 அன்று இந்திய நேரடி வரி வாரியம் கடைசி நாளை 2025 ஜனவரி 15 வரை நீட்டியது. அந்தச் செய்தியின் தலைப்பை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஆறுதலாக ஜனவரி 5 அன்று வந்தார். நீட்டிப்பு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு மட்டுமென்பது சுற்றறிக்கையின் உள்ளே இருந்தது. அவருக்குக் காலம் முடிந்துவிட்டது.

அதன்பின் போடக்கூடிய அப்டேட்டட் ரிட்டர்ன், ITR-U, கூடுதல் வரி கட்டுவதற்குத்தான். திரும்பப் பணம் கேட்க அது உதவாது. மிச்சமிருந்த வழி பிரிவு 119(2)(b)இன் கீழ், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள், அதாவது இவருக்கு 2030 மார்ச் 31க்குள் கொடுக்கலாம். பிந்தியதற்கு உண்மையான சிரமம் இருந்ததென்று காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் தலைப்பு மட்டும் படித்தேன் என்பது அந்த வகையில் சேராது. அந்த மாதங்களில் அவருடைய தாயார் வைத்தியசாலையில் இருந்ததற்கான கடிதங்களை இணைத்துத்தான் அனுப்பினோம். மனுவை ஏற்றால் 62,400 வரும், வட்டி ஒரு சதமும் வராது.